மஞ்சள் டாலரும் ஒரே ஒரு மனுவும்

யூடியூபில் சம்பாதிக்கும் சேனல்காரர்கள் வீடியோவை ஏற்றியதும் முதலில் தேடுவது டாலர் குறியின் நிறத்தை. பச்சையாக இருந்தால் விளம்பரம் வரும். மஞ்சளாக இருந்தால் கொஞ்சமாக வரும், அல்லது வரவே வராது. இதை முதலில் முடிவுசெய்வது இயந்திரம். வீடியோவோடு தலைப்பு, விவரக்குறிப்பு, தம்ப்நெயில், டேக் ஆகியவற்றையும் அது பார்க்கிறது. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சமையல் சேனல் கசகசா அல்வா செய்து காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு: ‘துபாயில் இது போதைப்பொருள்!’ டேக்குகளில் ‘ஓப்பியம்’, ‘போதை’. கசகசா ஓப்பியம் செடியின் விதைதான். அமீரகத்துக்குள் அதைக் கொண்டுபோகத் தடையும் உண்டு. ஆனால் வீடியோவில் இருப்பது பாலும் சர்க்கரையும் நெய்யும். போதைப்பொருள் பற்றிய விளம்பர விதியோடு அந்தச் சொற்களைச் சேர்த்துப் பார்த்த இயந்திரம் மஞ்சள் போட்டுவிடுகிறது.

சேனல்காரர் உடனே Request review பொத்தானை அழுத்துவது அவசரம். ஒரு வீடியோவுக்கு ஒரே ஒருமுறைதான் மறுபரிசீலனை. மனிதர் ஒருவர் பார்த்துச் சொல்வதே இறுதி முடிவு. ஆகவே தலைப்பை ‘கசகசா அல்வா: வெளிநாடு போவோர் கவனிக்க’ என்று மாற்றி, வீடியோவுக்குத் தொடர்பில்லாத ‘போதை’ டேக்கை முதலில் நீக்க வேண்டும். ‘ஓப்பியம்’ என்ற சொல் விவரக்குறிப்பில் இருக்கட்டும். அது உண்மைத் தகவல்.

ஆதரவுக் குழுவுக்கு எழுதும் கடிதத்தில் புலம்பலுக்கு இடமில்லை. எந்தச் சொல் குழப்பியது, வீடியோவில் உண்மையில் என்ன இருக்கிறது, எந்த விதி பொருந்தாது என்ற மூன்றும் போதும்:

“இது சமையல் செய்முறை வீடியோ. கசகசா ஓப்பியம் செடியின் விதை என்பதும் சில நாடுகளில் தடை என்பதும் 2:10 முதல் 2:40 வரை எச்சரிக்கையாக மட்டுமே வருகிறது. போதைப்பொருளை விற்பதோ, உட்கொள்வதோ, ஊக்குவிப்பதோ எங்கும் இல்லை. தவறான எண்ணம் தந்த தலைப்பையும் ஒரு டேக்கையும் திருத்திவிட்டேன். வீடியோவை முழுதாகப் பார்த்து முடிவுசெய்ய வேண்டுகிறேன்.”

நிமிடக் குறிப்பு இருந்தால், சரிபார்ப்பவர் நேராக அந்த இடத்துக்குப் போவார். ‘பல ஆண்டாக உழைக்கிறேன்’, ‘மற்ற சேனல்களை விட்டுவிட்டீர்களே’ போன்ற வரிகள் அவருடைய முடிவுக்கு உதவாது. அவர் விதியோடு ஒப்பிடுவது இந்த ஒரு வீடியோவைத்தான்.

கடிதம் வென்றாலும் ஒரு நஷ்டம் மிஞ்சும். பார்வைகள் குவிவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். மறுபரிசீலனைக்கே அத்தனை நாட்கள் ஆகிவிடலாம். எனவே அனுபவசாலிகள் வீடியோவைப் பொதுவில் விடாமலே ஏற்றி, சோதனை முடிந்து பச்சை வந்த பிறகு வெளியிடுகிறார்கள். மஞ்சள் வந்தால், பார்வையாளர் வருவதற்கு முன்பே வாதாடி முடித்துவிடலாம்.