பரிசுத் தட்டுகளுக்கு யாரைக் கேட்பது?

பஜாரில் கடை வைத்திருப்பவரிடம் மாதத்துக்கு நாலு பேர் நோட்டுப் புத்தகத்தோடு வருகிறார்கள். கோயில் கொடை, கால்பந்துப் போட்டி, தலைவர் பிறந்தநாள் என்று ஏதாவது ஒன்று. "பார்த்துப் போடுங்க அண்ணாச்சி" என்று நோட்டை நீட்டினால் நூறோ இருநூறோ எழுதி அனுப்பிவிடுவார். பள்ளி ஆண்டு விழாவுக்கும் அதே மாதிரி போய்க் கேட்டால் அதே இருநூறுதான் கிடைக்கும். எவ்வளவு தேவை, எதற்குத் தேவை என்று சொல்லாதவர்களுக்கு அவர் வேறெப்படிக் கொடுப்பார்?

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு பக்கத்தில் வரவுசெலவு எழுதியாக வேண்டும். இருநூறு பிள்ளைகள் படிக்கும் ஓர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஷாமியானா, நாற்காலிக்கு 6,500 ரூபாய். மைக் செட்டுக்கு 4,000. ஒரு பரிசு 90 ரூபாய் வீதம் அறுபது பரிசுக்கு 5,400. பிள்ளைகளும் பெற்றோருமாக நானூறு பேருக்குத் தலைக்கு 14 ரூபாயில் சுண்டலும் டீயும் 5,600. அழைப்பிதழ் 1,000, மேடை பேனர் 1,500. ஆக மொத்தம் 24,000. முன்னாள் மாணவர்கள் தந்த 9,000 கையில் இருக்கிறது; அது பந்தல், அழைப்பிதழ், பேனர் மூன்றுக்கும் சரியாகிவிடும். மீதி 15,000 ரூபாயைத்தான் வெளியே கேட்க வேண்டும். கையில் உள்ள தொகையையும் அதே தாளில் எழுதுங்கள். பள்ளி தன் பங்கைப் போட்டிருக்கிறது என்பது கடைக்காரரை யோசிக்கவைக்கும்.

15,000 என்று மொத்தமாகக் கேட்பதைவிட, பரிசைப் பாத்திரக்கடையிலும், சுண்டலையும் டீயையும் மளிகைக் கடையிலும், மைக் செட்டை இன்னொருவரிடமும் கேட்பது மேல். பாத்திரக்கடைக்காரருக்கு அறுபது எவர்சில்வர் தட்டு அடக்க விலையில்தான் போகும். ரொக்கமாகக் கொடுப்பதைவிட அது அவருக்கு இலேசு. தட்டில் பெயர் வெட்டிக் கொடுத்தால் வீட்டில் பல வருஷம் புழங்கும்.

கடிதம் பள்ளியின் பெயர்த்தாளில், தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரும் கையெழுத்திட்டு, இந்த அளவு இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எங்கள் பள்ளி ஆண்டு விழா பிப்ரவரி 20 அன்று நடைபெறுகிறது. அறுபது மாணவர்களுக்கான பரிசுத் தட்டுகளைத் தங்கள் கடை வழங்க வேண்டுகிறோம். மதிப்பு 5,400 ரூபாய். வரவுசெலவு இணைத்துள்ளோம். அழைப்பிதழிலும் மேடை பேனரிலும் 'பரிசுகள் உபயம்' என்று தங்கள் கடைப் பெயர் இடம்பெறும். பரிசளிப்பின்போது மேடையில் அறிவிப்போம். தாங்களே வந்து வழங்கினால் மகிழ்வோம். அழைப்பிதழ் அச்சுக்குப் போவதால் ஜனவரி 31க்குள் தங்கள் முடிவைத் தெரிவிக்கக் கோருகிறோம்."

இந்த வாக்குறுதியில் இல்லாததைப் பேச்சுவாக்கில் சேர்க்கக் கூடாது. வகுப்பில் நோட்டீஸ் கொடுப்பது, பெற்றோரின் கைபேசி எண்களைத் தருவது இரண்டுக்கும் முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. புகையிலைப் பொருள் நிறுவனங்களின் பக்கமே போக வேண்டாம். அந்த விளம்பரங்களை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வருமான வரிக் கழிவு கிடைக்கும் என்றும் வாய்விட வேண்டாம். அதற்கு உரிய அனுமதி உள்ள அமைப்பின் ரசீது வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவும் கிடையாது.

போகும் நேரமும் முக்கியம். காலையில் போணி ஆகும் முன் பணம் கேட்டு நிற்பதும், வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு கேட்பதும் பலருக்குப் பிடிக்காது. மதியம் கூட்டம் குறைந்த வேளையில், தலைமை ஆசிரியரும் ஊரறிந்த பெற்றோர் ஒருவருமாக இருவர் போனால் போதும். முதல் நாளில் பதில் வராது. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்பார். "அடுத்த புதன்கிழமை வரட்டுமா அண்ணாச்சி?" என்று நாள் குறித்துக்கொண்டு திரும்புங்கள்.

அவர் முப்பது தட்டுதான் முடியும் என்றால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, மீதி முப்பதை இன்னொரு கடையில் கேட்கலாம். ஆனால் அந்த இன்னொரு கடையும் பாத்திரக்கடை என்றால் முதலாமவரிடம் சொல்லிவிட வேண்டும். போட்டிக் கடையின் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் அழைப்பிதழில்தான் முதன்முதலாகப் பார்த்தால், அடுத்த வருஷம் அந்தக் கதவு திறக்காது.

பணமாகத் தருகிறவர்களிடம் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லி, அன்றைக்கே ரசீது கொடுத்துவிடுங்கள். ஆசிரியர் ஒருவரின் கைபேசி எண்ணுக்கு அனுப்பச் சொல்வதால் வரும் சந்தேகத்தைப் பிறகு எந்த விளக்கமும் துடைக்காது. இதைவிடச் சுலபம், மைக் செட்டுக்காரருக்கு உபயதாரரே நேராகக் கொடுத்துவிடுவது; பில் நகல் மட்டும் பள்ளிக்கு வந்தால் போதும்.

விழா முடிந்த வாரமே நன்றிக் கடிதத்தோடு உண்மையான செலவுக் கணக்கும், கடைப் பெயர் தெரியும் மேடைப் படம் ஒன்றும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சுண்டலுக்கு 5,600 கேட்டு 5,100தான் ஆனது என்றால் மீந்த 500ஐக் கணக்கில் காட்டி, அதை என்ன செய்யலாம் என்று மளிகைக்கடைக்காரரிடமே கேளுங்கள். பெரும்பாலும் "பிள்ளைகளுக்கே ஏதாவது வாங்கிக் கொடுங்க" என்பார். அப்படியானால் அதை வாங்கிய பில்லையும் அவரிடம் சேர்த்துவிடுங்கள்.