மேமோகிராம் வசதி இல்லாத ஊரில் மார்பகப் புற்றுநோயை எப்படிக் கண்டுபிடிப்பது? மும்பையும் மணிலாவும் சொல்லும் பதில்

“அம்மாவுக்கு 54 வயசு. ஊர்ல மேமோகிராம் மெஷின் கிடையாது. நர்ஸ் கையால தொட்டுப் பார்க்குறாங்களாம். அது போதுமா, இல்ல சும்மா கண்துடைப்பா?”

வெளியூரில் வேலை பார்க்கும் பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும். இதற்கு ஊகத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை. மும்பையில் சுமார் 20 வருடம் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

மும்பையில் என்ன செய்தார்கள்?

1998-ல் டாடா மெமோரியல் மருத்துவமனை இந்த ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரை உள்ள சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் இதில் இருந்தார்கள். அவர்கள் வசிக்கும் பகுதிகளை 20 தொகுப்புகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள்.

ஒரு பிரிவினருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என நான்கு சுற்று மார்பகப் பரிசோதனை. செய்தது டாக்டர்கள் இல்லை. இதற்கென்றே பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். மெஷின் எதுவும் கிடையாது, கை மட்டும்தான். இன்னொரு பிரிவினருக்கு ஒருமுறை விழிப்புணர்வுத் தகவல் மட்டும். அதன்பிறகு இரண்டு பிரிவையும் பல வருடம் தொடர்ந்து கண்காணித்தார்கள். முடிவு 2021-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியானது.

முடிவு என்ன?

நோய் முற்றிய நிலையில், அதாவது ஸ்டேஜ் 3 அல்லது 4-ல், கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பரிசோதனை இல்லாத பிரிவில் 47 சதவீதம். பரிசோதனை செய்த பிரிவில் அது 37 சதவீதம். கை பரிசோதனை நோயை முன்கூட்டியே பிடித்தது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் முன்கூட்டியே பிடிப்பதும் உயிரைக் காப்பாற்றுவதும் ஒன்றல்ல. அதனால் இறப்புக் கணக்கைத்தான் பார்க்கணும். மொத்தமாகப் பார்த்தால் மார்பகப் புற்றுநோய் இறப்பு 15 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பே இல்லை என்று புள்ளியியல்படி அடித்துச் சொல்ல முடியவில்லை.

வயதுவாரியாகப் பிரித்தபோது படம் மாறியது. 50 மற்றும் அதற்கு மேற்பட்ட வயதில், ஒரு லட்சம் பெண்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 35 ஆக இருந்த இறப்பு, பரிசோதனை செய்த பிரிவில் 25 ஆக இருந்தது. கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. 50 வயதுக்குக் கீழே அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. வயதுவாரிக் கணக்கு ஆய்வு முடிந்தபிறகு பிரித்துப் பார்த்தது என்பதால், அதை இறுதித் தீர்ப்பாக எடுக்காமல் வலுவான அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்போ மேமோகிராம் வேண்டாமா?

அப்படி இல்லை. மேமோகிராம் என்பது மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. கைக்குத் தட்டுப்படாத சிறிய மாற்றத்தைக்கூட காட்டும். பிரச்னை வேறு இடத்தில். மெஷின் மட்டும் வாங்கினால் போதாது. சரியாகப் படம் எடுக்க டெக்னீஷியன், படத்தைப் படிக்க அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட், சந்தேகம் வந்தால் பயாப்ஸி எடுக்க ஆள் என ஒரு அணியே வேண்டும்.

இன்னொரு விஷயம் வயது. மேற்கத்திய நாடுகளைவிட இந்தியாவில் இளவயதிலேயே இந்த நோய் வருகிறவர்களின் விகிதம் அதிகம். இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். எக்ஸ்ரேயில் அது வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளைதான். பனிமூட்டத்தில் வெள்ளைச் சட்டைக்காரரைத் தேடுவது மாதிரி.

கை பரிசோதனையில் என்ன நடக்கும்?

முதலில் பார்வை. உட்கார வைத்து, கைகளைத் தூக்கச் சொல்லி, தோலில் குழி, நிற மாற்றம், புதிதாக உள்ளிழுத்த காம்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு படுக்க வைத்து, நடு மூன்று விரல்களின் உட்பகுதியால் சிறுசிறு வட்டமாக, லேசாக, நடுத்தரமாக, ஆழமாக என மூன்று அழுத்தத்தில் தடவுவார்கள். காறை எலும்பிலிருந்து மார்பகத்தின் அடிவரை, இடைவெளி விடாமல், அக்குளையும் சேர்த்து. ஒழுங்காகச் செய்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் சில நிமிடம் ஆகும். சேலைக்கு மேலேயே தொட்டுப் பார்த்து அரை நிமிடத்தில் ‘நார்மல்’ என்று எழுதினால், அது மும்பையில் நடந்த பரிசோதனை இல்லை.

‘நாமே மாசா மாசம் பார்த்துக்கிட்டா போதாதா?’ என்று கேட்கலாம். சீனாவின் ஷாங்காயில் 2,66,000-க்கும் மேற்பட்ட ஜவுளி ஆலைப் பெண்களை வைத்து இதையும் சோதித்தார்கள். சுயபரிசோதனை கற்றுக்கொண்டவர்களிடம் இறப்பு குறையவில்லை. சாதாரணக் கட்டிகளுக்கான பயாப்ஸிதான் கூடியது. அதனால் இப்போது வலியுறுத்தப்படுவது, தன் உடலின் வழக்கமான நிலையைத் தெரிந்துவைத்து, மாற்றம் தெரிந்தால் உடனே காட்டுவது. கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, காம்பில் ரத்தக்கசிவு, அக்குளில் வீக்கம். ‘வலிக்கலையே, விடு’ என்பதுதான் இங்கே பெரிய பொறி. புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

மணிலாவில் என்ன தவறியது?

மும்பைக்குச் சற்று முன்பு, 1990-களின் நடுவில், பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவிலும் இதே கை பரிசோதனை ஆய்வு நடந்தது. அழைக்கப்பட்ட சுமார் ஒன்றரை லட்சம் பெண்களில் 92 சதவீதம் பேர் பரிசோதனைக்குச் சம்மதித்தார்கள். சுமார் 3,500 பேருக்குச் சந்தேகத்துக்குரிய மாற்றம் தெரிந்தது. அவர்களில் அடுத்தகட்டப் பரிசோதனையை முடித்தவர்கள் 35 சதவீதம்தான். வீட்டுக்கே போய் அழைத்தும் 42 சதவீதம் பேர் மறுத்துவிட்டார்கள். ஒரே சுற்றோடு ஆய்வு நிறுத்தப்பட்டது.

சந்தேகம் எழுந்தபின் மூன்று படி உண்டு: டாக்டரின் பரிசோதனை, ஸ்கேன் அல்லது மேமோகிராம், பிறகு ஊசி பயாப்ஸி. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கைக்குக் கட்டி தட்டுப்பட்டு, மேமோகிராம் நார்மல் என்று வந்தாலும் விஷயம் முடியவில்லை. சில புற்றுநோய்கள் அந்தப் படத்தில் தெரியாது. ‘ஊசி போட்டா புற்று பரவிடும்’ என்ற பயத்தில் பயாப்ஸியைத் தள்ளிப்போடுவதும், பயாப்ஸி இல்லாமல் நேரடியாகக் கட்டியை வெட்டி எடுத்துவிடுவதும் சிகிச்சையைச் சிக்கலாக்கும். கட்டியின் வகை தெரிந்தால்தான் ஆபரேஷன் முதலிலா, கீமோ முதலிலா என்று முடிவு செய்ய முடியும்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கில் கெடு இருக்கிறது: முதன்முதலில் மருத்துவரைப் பார்த்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதி செய்துவிட வேண்டும்.

அம்மாவுக்கு என்ன சொல்வது?

54 வயது என்பது மும்பை ஆய்வில் பலன் தெரிந்த வயது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முறையாகச் செய்யும் கை பரிசோதனை கண்துடைப்பு இல்லை. அரசின் தேசியத் திட்டப்படி 30 முதல் 65 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இது செய்யப்பட வேண்டும். மும்பையில் செய்தது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது நினைவிருக்கட்டும். பக்கத்து நகரத்தில் தரமான மேமோகிராம் கிடைத்தால், அதையும் எடுக்கலாம். நெருங்கிய சொந்தத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் பேசுங்கள்.

பரிசோதனைக்கு அனுப்பும்போது அம்மாவிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவரச் சொல்லுங்கள்: “ஏதாவது தட்டுப்பட்டா, ஸ்கேனுக்கும் பயாப்ஸிக்கும் எங்க போகணும், யாரைப் பார்க்கணும்?” பதில் கிடைத்தால் குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், அந்த இடத்தை நீங்கள் இப்போதே தேடி வையுங்கள். மணிலாவில் மூன்றில் இரண்டு பேர் நின்றுபோனது அந்த இடத்தில்தான்.