விளம்பரத்தில் ஒன்று, போனில் ஒன்று

வேலைவாய்ப்புத் தளத்தில் விளம்பரம்: ஜாவா டெவலப்பர், சென்னை, நிரந்தர வேலை, ஆண்டுக்கு 9 லட்சம். விண்ணப்பித்த மறுநாள் கன்சல்டன்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிடுகிறார். பேச்சோடு பேச்சாக, "முதல் ஒரு வருஷம் எங்க பேரோல் சார், அப்புறம் கிளையன்ட் எடுத்துப்பாங்க. கொஞ்சம் சப்போர்ட் வேலையும் இருக்கும், ஷிஃப்ட் ஓகேதானே?" என்கிறார். நாமும் "ஓகே மேடம்" என்று போனை வைத்துவிடுகிறோம்.

இதை உடனே மோசடி என்று சொல்லிவிட முடியாது. கூப்பிட்டவர் அந்தக் கம்பெனி ஆளே இல்லை. பல கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். பழைய விளம்பரத்தையே மறுபடி போடுவதும், ஒரே விளம்பரத்தை வைத்து இரண்டு மூன்று காலியிடங்களுக்கு ஆள் தேடுவதும் அங்கே சகஜம். ஆசை காட்டவே போட்டதாகவும் இருக்கலாம். எது என்பது கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்கு முன் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நாளைக்கே அது மாறலாம், காணாமலும் போகலாம். போன் முடிந்ததும் பெரும்பாலும் ஒரு மெயில் வரும்: அனுபவம், இப்போதைய சம்பளம், எதிர்பார்ப்பு, நோட்டீஸ் பீரியட் என்று நிரப்ப ஓர் அட்டவணை. சந்தேகத்தைக் கேட்க அதுதான் சரியான இடம். அட்டவணையை மட்டும் நிரப்பி அனுப்பினால், போனில் சொன்னதற்கெல்லாம் நாம் சம்மதித்துவிட்டதாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அதே மெயிலில் இப்படி எழுதலாம்: "விளம்பரத்தில் நிரந்தர டெவலப்பர் வேலை என்றிருந்தது. போனில் ஒரு வருடம் உங்கள் பேரோல், சப்போர்ட் வேலையும் உண்டு என்றீர்கள். நியமனக் கடிதம் எந்தக் கம்பெனி பெயரில் வரும்? பி.எஃப். யார் கட்டுவார்கள்? இரவு ஷிஃப்ட் மாதத்தில் எத்தனை வாரம்? 9 லட்சத்தில் நிலையான சம்பளம் எவ்வளவு?" குற்றம் சாட்டும் தொனி வேண்டாம்.

கடைசிக் கேள்வியைச் சங்கடப்பட்டு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். 9 லட்சத்தில் 20 சதவீதம் 'வேரியபிள்' என்றால் நிலையாக வருவது 7.2 லட்சம், அதாவது மாதம் 75,000 அல்ல, 60,000. கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கையும் பெரும்பாலும் இதற்குள்ளேயே அடக்கியிருப்பார்கள். கைக்கு வருவது இன்னும் குறையும்.

மெயிலுக்குப் பதிலாகப் போன் வந்தால் பேசுங்கள். பேசி முடித்ததும், "நீங்கள் சொன்னதில் நான் புரிந்துகொண்டது இது, தவறிருந்தால் திருத்துங்கள்" என்று நாலு வரி அனுப்புங்கள். நேர்மையானவர் திருத்துவார், அல்லது சரி என்பார். "முதல்ல இன்டர்வியூ அட்டெண்ட் பண்ணுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், கிளையன்ட் எடுத்துக்கொள்வார் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். ஆஃபர் லெட்டரில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே இப்போதைய வேலையை ராஜினாமா செய்யுங்கள்.