6,000 வரி, 4,425 எண்: ஒரு ஜவுளிக்கடைப் பட்டியலின் கணக்கு

தீபாவளிக்கு முன்பு எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒரு ஜவுளிக்கடை தன் வாடிக்கையாளர் பட்டியலை எடுக்கிறது. பில் கவுன்டரில் ஏறியது பாதி, பழைய நோட்டைப் பார்த்து அடித்தது கொஞ்சம், பரிசுக் கூப்பன் நிரப்பியவர்கள் மீதி. மொத்தம் 6,000 வரி என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்ணிக்கைகளும் ரேட்டும் கணக்கு காட்ட எடுத்துக்கொண்டவை. உங்கள் கடையின் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வழி ஒன்றுதான்.

பட்டியலைத் திறந்ததும் எக்செல்லில் ‘Remove Duplicates’ பொத்தானை அழுத்தத்தான் எல்லோருக்கும் கை போகும். அழுத்தினால் 280 வரி போகும். வேலை முடிந்தது என்று தோன்றும். இதே பட்டியலில் உண்மையில் உபரியாக இருப்பவை 1,145. ஒரே எண்ணை ஒருவர் +91 போட்டும், ஒருவர் முன்னால் 0 போட்டும், ஒருவர் நடுவில் இடைவெளி விட்டும் அடித்திருப்பதால் மற்றவை அந்தப் பொத்தானின் கண்ணில் படுவதில்லை. அதனால் வரிசை இதுதான்: முதலில் எண், அடுத்து பெயர், கடைசியில்தான் இரட்டிப்பு நீக்கம்.

எண்ணில் தொடங்குவோம். மூல எண் B பத்தியில் இருக்கட்டும். அதில் கை வைக்க வேண்டாம். இடைவெளி, கோடு, கூட்டல் குறி மூன்றையும் நீக்கிய வடிவத்தை C பத்தியில் எடுத்து, நீளத்தைப் பார்த்துப் பிரிக்கிறோம்.

```
C2: =SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(B2," ",""),"-",""),"+","")
D2: =IF(LEN(C2)=10,C2,IF(OR(AND(LEN(C2)=12,LEFT(C2,2)="91"),AND(LEN(C2)=11,LEFT(C2,1)="0")),RIGHT(C2,10),"பார்க்க"))
```

சிலர் குறுக்குவழியாக ‘91’ என்பதைத் தேடி மொத்தமாக அழித்துவிடுவார்கள். 91-இல் தொடங்கும் பத்து இலக்கச் செல்பேசி எண்கள் நிறைய உண்டு. அவையெல்லாம் எட்டு இலக்கமாகச் சுருங்கிவிடும். நடுவில் 91 உள்ள எண்களும் தப்பாது. நீளம் பார்க்காமல் கடைசி பத்து இலக்கத்தை மட்டும் வெட்டி எடுப்பதும் ஆபத்துதான். கைதவறி 11 இலக்கம் அடித்த எண்கூட அப்போது நல்ல எண் போலவே வெளியே வரும்.

நம் பட்டியலில் 10 இலக்கம் 4,620. 91-உடன் 12 இலக்கம் 640. 0-உடன் 11 இலக்கம் 410. ‘பார்க்க’ என்று ஒதுங்கியவை 330. அந்த 330-இல் 130 வெற்றுக் கட்டம், 90-இல் இலக்கம் கூடியோ குறைந்தோ இருக்கிறது, 110-இல் ஒரே கட்டத்தில் இரண்டு எண். கடைசி 110-ஐயும் பிரித்து முதல் எண்ணை எடுத்துக்கொள்ளலாம், இரண்டாவதைத் தனிப் பத்தியில் வைக்கலாம்.

சல்லடையில் தேறிய 5,670-உம் முழுக்க நல்ல எண்கள் அல்ல. இந்தியச் செல்பேசி எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். மதுரையின் 0452, கோவையின் 0422 போன்ற தரைவழி எண்களும் 0 போனபின் பத்து இலக்கம்தான்; 4-இல் தொடங்குவதால் மாட்டிக்கொள்கின்றன. இப்படி 170. ஆனால் பெங்களூரின் 080 தரைவழி எண் 8-இல் தொடங்கி நழுவிவிடும். சிங்கப்பூர் எண் இன்னும் பொல்லாதது. நாட்டுக் குறியீடு 65, அதன்பின் எட்டு இலக்கம், கூட்டினால் பத்து. 6-இல் தொடங்கும் உள்ளூர்ச் செல்பேசி எண் மாதிரியே நிற்கும். மூல எண்ணில் கூட்டல் குறியோ ‘080-’ என்ற கோடோ இருந்தால்தான் இவற்றைப் பிடிக்க முடியும். B பத்தியைத் தொடாதே என்பது இதற்காகத்தான்.

இன்னொரு வகை சத்தமில்லாமல் கணக்கைக் கெடுப்பது. எக்செல் 12 இலக்க எண்ணை 9.19877E+11 என்று சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் CSV-ஆகச் சேமித்தால் கோப்புக்குள் போவது அந்தச் சுருக்கம்தான். திரும்பத் திறந்தால் 919877000000 வரும். 12 இலக்கம், 91-இல் தொடக்கம். நம் சூத்திரம் சந்தேகப்படாது. ஒரே சுருக்கத்துக்குள் விழுந்த எல்லா வாடிக்கையாளரும் இப்போது ஒரே எண்காரர்கள், இரட்டிப்பு நீக்கும்போது ஒருவரைத் தவிர அனைவரும் அழிவார்கள். கடைசியில் ஆறு சுழியம் வரும் எண்களை வடிகட்டினால் தெரிந்துவிடும். இங்கே 40 அகப்பட்டன. போன இலக்கம் போனதுதான். பழைய பில்லில்தான் தேட வேண்டும். எண் பத்தியை முதலிலேயே Text என்று மாற்றி வைத்திருந்தால் இது நடக்காது.

ஆக 5,670-இல் 170-உம் 40-உம் போக 5,460. பிரித்தெடுத்த 110-ஐச் சேர்த்தால் 5,570.

பெயருக்கு இவ்வளவு பாடு இல்லை. ‘எஸ்.முருகன்’, ‘எஸ். முருகன்’, ‘ எஸ்  முருகன்’ மூன்றையும் ஒரு சூத்திரம் ‘எஸ் முருகன்’ ஆக்கிவிடும்.

```
=TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(A2,CHAR(160)," "),"."," "))
```

இணையப் படிவத்திலிருந்து ஒட்டிய பெயர்களில் CHAR(160) என்ற வேறு வகை இடைவெளி ஒளிந்திருக்கும். TRIM அதைத் தொடாது, அதனால் முதலில் அதை மாற்றுகிறோம். ‘சண்முக சுந்தரம்’, ‘சண்முகசுந்தரம்’ ஆகியவற்றை ஒப்பிட, இடைவெளியே இல்லாத ஒரு பத்தியைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். அதை வாடிக்கையாளருக்கு அச்சடித்துவிடக் கூடாது. தமிழ்ப் பெயர்களில் வரும் தொல்லை ஒன்று உண்டு. ‘கோபால்’ என்பதன் முதல் எழுத்தைச் சில விசைப்பலகைகள் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துப் பதிக்கும். பார்க்க ஒன்றே, ஆனால் LEN ஒன்றுக்கு 6, மற்றதற்கு 7 காட்டும்.

இப்போது 5,570 வரியில் வேறுவேறு எண்கள் எத்தனை என்று எண்ணினால் 4,425. உபரி 1,145. இதில் பெயரும் ஒத்துப்போவது 730. அவற்றை இயந்திரமே நீக்கலாம். ஆனால் Remove Duplicates மேலே உள்ள வரியை வைத்துக்கொண்டு கீழே உள்ளதை அழிக்கும். அதனால் கடைசியாகத் துணி எடுத்த தேதி மேலே வருமாறு முதலில் அடுக்க வேண்டும். பழைய வரியில் மட்டும் முகவரி இருந்தால் அதைப் புதியதற்கு ஏற்றிவிட வேண்டும். ‘முருகன் எஸ்’ போல எழுதிய விதம் மட்டும் மாறியவை 205; ஜோடிக்கு அரை நிமிடம் என்றாலும் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் கண்ணால் பார்த்துச் சேர்த்துவிடலாம்.

மிச்சம் 210-இல் பெயர் வேறு, எண் ஒன்று. கணவன் எண்ணை மனைவி கொடுத்திருப்பார், மகன் எண்ணை அம்மா கொடுத்திருப்பார். இந்த 210-ஐ நீக்கக் கூடாது. தீபாவளிச் சீட்டு நடத்தும் கடையில் அந்த ஒரு வரி என்பது ஒருவர் மாதாமாதம் கட்டிய பணம். குறுஞ்செய்தி மட்டும் எண்ணுக்கு ஒன்று போனால் போதும்.

கணக்கு டேலி ஆகிறதா என்று பார்ப்போம்.

| விவரம் | வரி |
|---|---|
| பட்டியலில் நிற்பவர்கள் | 4,635 |
| நீக்கியவை (730 + 205) | 935 |
| செல்பேசி எண் இல்லாமல் ஒதுக்கியவை (170 + 40 + 130 + 90) | 430 |
| மொத்தம் | 6,000 |

ஒரு வரி குறைந்தாலும் எங்கோ ஒரு வாடிக்கையாளர் காணாமல் போயிருக்கிறார். அடுத்த படிக்குப் போகாமல் அங்கேயே நின்று தேட வேண்டும்.

பணத்துக்கு வருவோம். தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 70 குறி. நீண்டால் துண்டுக்கு 67. ‘தீபாவளி’ கண்ணுக்கு 4 எழுத்து, கணக்கில் 7 குறி. 180 குறி உள்ள வாழ்த்து 3 துண்டாகப் போகும். துண்டுக்கு 20 காசு என்றால் 1,145 உபரிக்கு வீண் செலவு 687 ரூபாய். சுத்தம் செய்ய ஒருவருக்கு இரண்டு நாள் கூலி 1,600 ரூபாய். ஒரு தடவை அனுப்புவதற்கு மட்டும் என்றால் இது நட்டக் கணக்கு. மூன்றாவது தடவையில்தான் தேறும். ஆனால் டிசம்பரில் இதே பட்டியலைச் சுத்தம் செய்யாமல் எண்ணிப் பார்த்து, எண்ணுக்கு ஒன்று என்று 40 ரூபாய் தினசரி காலண்டருக்கு ஆர்டர் கொடுக்கும் கடைக்கு உபரி 1,145 காலண்டர், 45,800 ரூபாய்.