அழித்த நாடாவும் ஊர் சுற்றிய ஃபிலிமும்

பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய அறிவியல் புனைவுத் தொடர் 'டாக்டர் ஹூ'. 1969 வரையிலான முதல் ஆறு ஆண்டுகளில் அதன் 253 எபிசோடுகள் ஒளிபரப்பாயின. அவற்றின் மூல வீடியோ நாடாக்களில் ஒன்றுகூட இன்று இல்லை. ஆனாலும் அந்த 253இல் 150க்கு மேற்பட்டவற்றை இன்றைக்கும் பார்க்க முடிகிறது. பார்க்கக் கிடைப்பவை வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுத்த ஃபிலிம் பிரதிகள். பழைய தொடர்கள் எப்படித் தொலைந்தன, எந்த வழியில் திரும்பி வருகின்றன என்பதற்கு இந்தத் தொடரைவிட விரிவாக ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு இல்லை.

நாடா ஏன் அழிக்கப்பட்டது?

1956இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய வீடியோ நாடா இரண்டு அங்குல அகலம் கொண்டது. விலை மிக அதிகம். ஆனால் சிலேட்டுபோல அழித்து எழுதலாம். பதிவானதை நீக்கிவிட்டு அதே நாடாவில் வேறு நிகழ்ச்சியைப் பதியலாம். நிலையங்கள் அதை வாங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். பிபிசியின் பொறியியல் பிரிவுக்கு நாடா என்பது மறுபடி மறுபடி பயன்படுத்த வேண்டிய மூலப்பொருள். ஒரு நிகழ்ச்சியை இனி வைத்திருக்கத் தேவையில்லை என்ற ஒப்புதல் கிடைத்ததும் நாடா அழிக்கப்பட்டு அடுத்த படப்பிடிப்புக்குப் போகும். 'டாக்டர் ஹூ' நாடாக்கள் 1967இல் அழியத் தொடங்கின. 1970களின் நடுப்பகுதிக்குள் 1960களின் நாடாக்கள் அனைத்தும் போய்விட்டன.

வைத்திருந்தாலும் அப்போது பயனில்லை என்றே கருதப்பட்டது. நடிகர் சங்கத்துடனும் இசைக் கலைஞர் சங்கத்துடனும் இருந்த ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. பழைய நிகழ்ச்சிகளையே திரும்பத் திரும்பக் காட்டினால் புதிய வேலை குறையும் என்பது சங்கங்களின் அச்சம். வீட்டில் கேசட் போட்டுப் பார்க்கும் சந்தை அப்போது பிறக்கவில்லை. 1969இல் பிபிசியின் முதல் அலைவரிசையும் வண்ணத்துக்கு மாறியதும், கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளுக்கு இருந்த மதிப்பும் குறைந்தது.

விற்பனைக்கு ஒரு பிரதி

அழிப்பதற்கு முன் பெரும்பாலான எபிசோடுகளுக்கு ஒரு பிரதி எடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாட்டிலும் தொலைக்காட்சியின் தொழில்நுட்ப முறை வேறுபட்டதாலும், பல சிறிய நிலையங்களில் வீடியோ நாடா இயந்திரமே இல்லாததாலும், விற்பனைக்கு 16 மில்லிமீட்டர் ஃபிலிம்தான் வசதியாக இருந்தது. துல்லியமான திரை ஒன்றில் நாடாவை ஓடவிட்டு, அதன் எதிரே நிறுத்திய சினிமா கேமராவால் படமெடுப்பார்கள். அந்த நெகட்டிவிலிருந்து தேவைக்கேற்பப் பிரதிகள் போடப்பட்டன.

இந்த நெகட்டிவ்களும் பிரதிகளும் பிபிசியின் விற்பனைப் பிரிவான பிபிசி என்டர்பிரைசஸிடம் இருந்தன. விற்பனை உரிமைக் காலம் முடிந்ததும், 1972 முதல் 1978 வரை அந்தப் பிரிவு அவற்றைக் கழித்துக்கட்டியது. மூல நாடா பொறியியல் பிரிவிடம் இருக்கும் என்று ஒரு தரப்பும், ஃபிலிம் விற்பனைப் பிரிவிடம் இருக்கும் என்று மறு தரப்பும் எடுத்துக்கொள்ள வாய்ப்பிருந்தது. ஃபிலிம் நூலகம் ஒன்று தனியே இருந்தாலும், ஒளிபரப்பான எல்லாவற்றிலும் ஒரு பிரதியைக் காக்கும் பொறுப்பு அதற்குத் தரப்படவில்லை. மொத்தமாகக் காக்க வேண்டியவர் யார் என்பதே தீர்மானமாகாத நிலையில் இரு பக்கமும் காலியாயின. 1978இல் இயன் லெவைன் என்ற ரசிகர் என்டர்பிரைசஸின் கிடங்குக்குப் போனபோது, 'டாலெக்' எதிரிகள் முதன்முதலாகத் தோன்றும் கதையின் ஃபிலிம்களே கழிவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. அவர் தலையிட்டதால் அவை தப்பின. அதே ஆண்டு பிபிசியின் ஆவணத் தேர்வாளராகப் பொறுப்பேற்ற சூ மால்டன், எது எப்படிப் போனது என்பதை அறிய இந்தத் தொடரையே மாதிரியாக எடுத்து ஆராய்ந்தார். அதன் பிறகு அழிப்பு நின்றது.

பிரதிகளின் பயணம்

லண்டனில் அழிந்தாலும் வெளிநாட்டுக்குப் போன பிரதிகள் எஞ்சியிருக்கக்கூடும். ஒரே செட் பிரதி பல நாடுகளைச் சுற்றுவது அன்றைய வழக்கம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங், சிங்கப்பூர், நைஜீரியா, சைப்ரஸ் எனப் பல நாடுகள் இந்தத் தொடரை வாங்கின. ஒரு நிலையம் ஒளிபரப்பி முடித்ததும் பிரதியை அடுத்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும், அல்லது லண்டனுக்குத் திருப்ப வேண்டும், அல்லது அழித்துவிட்டுச் சான்று தர வேண்டும். இம்மூன்றில் எதையும் செய்யாமல் ஒரு நிலையம் அலமாரியில் விட்டுவைத்திருந்தால்தான் பிரதி தப்பியிருக்கும்.

ஆகவே தேடுபவர்கள் கிடங்குகளுக்குள் போகும் முன் காகிதங்களைப் படிக்கிறார்கள். எந்தக் கதை எந்த நாட்டுக்கு விற்கப்பட்டது, அங்கே எந்தத் தேதியில் ஒளிபரப்பானது, அடுத்து எங்கே அனுப்பப்பட்டது என்ற சங்கிலியில், கடைசிக் கண்ணி எங்கே அறுகிறதோ அந்த ஊரே தேட வேண்டிய இடம். 1984இல் நைஜீரியாவிலிருந்து எபிசோடுகள் கிடைத்தன. 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' கதையின் நான்கு எபிசோடுகளும் ஹாங்காங்கில் கிடைத்து 1992இல் பிபிசிக்கு வந்தன.

இந்த முறைக்குச் சிறந்த சான்று 2013 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கண்டுபிடிப்பு. பழைய நிகழ்ச்சிகளைத் தேடுவதையே தொழிலாகக் கொண்ட பிலிப் மோரிஸ், நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தின் கிடங்கில் தூசி படிந்த ஃபிலிம் டப்பாக்களைக் கண்டார். அவற்றில் ஒட்டியிருந்த பட்டையில் தொடரின் பெயர் இருந்தது. மொத்தம் 11 எபிசோடுகள். அவற்றில் இரண்டு ஏற்கெனவே ஆவணத்தில் இருந்தவை. மீதி ஒன்பதும் புதியவை. ஆறு எபிசோடுகள் கொண்ட 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' கதையில் அதுவரை மூன்றாவது மட்டுமே இருந்தது. மற்ற ஐந்தும் கிடைத்துக் கதை முழுமையானது. 'தி வெப் ஆஃப் ஃபியர்' கதையில் முதல் எபிசோடு முன்பே இருந்தது. 2, 4, 5, 6 ஆகியவை கிடைத்தன. மூன்றாவது கிடைக்கவில்லை. காணாமல் போனவற்றின் எண்ணிக்கை 106இலிருந்து 97ஆகக் குறைந்தது.

விற்பனைச் சங்கிலியில் சேராத எபிசோடுகளுக்கு இந்த வழி உதவாது. 12 எபிசோடுகள் கொண்ட 'தி டாலெக்ஸ் மாஸ்டர் பிளான்' கதை எந்த வெளிநாட்டிலும் ஒளிபரப்பானதாகப் பதிவு இல்லை. அதன் இரண்டு எபிசோடுகள் 1983இல் லண்டனில் மார்மன் தேவாலயம் ஒன்றின் அடித்தளத்தில் கிடைத்தன. இன்னொன்றை 2004இல் பிபிசியின் முன்னாள் பொறியாளர் ஒருவர் திருப்பித் தந்தார். கழிவுக்குப் போன ஃபிலிமை யாரோ எடுத்து வைத்திருந்தால் மட்டுமே இப்படிக் கிடைக்கும். 2011இல் அறிவிக்கப்பட்ட இரண்டு எபிசோடுகளும் இப்படித்தான் வந்தன. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அவற்றை 1980களில் ஊர்ச் சந்தையொன்றில் வாங்கியிருந்தார்.

கிடைத்தது முழுமையா?

ஃபிலிம் கிடைத்தாலும் அது முழுமையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வன்முறை என்று தோன்றிய காட்சிகளை வாங்கிய நாடுகளின் தணிக்கையாளர்கள் வெட்டினார்கள். வெட்டு எங்கே என்பதைக் கண்டறிய உதவுவது ஒலி. 1960களில் ரசிகர்கள் சிலர் தொலைக்காட்சியின் ஒலியை வீட்டு டேப் ரிக்கார்டரில் பதிந்து வைத்தார்கள். அதனால் காணாமல் போன எபிசோடு ஒவ்வொன்றுக்கும் ஒலிப்பதிவு உண்டு. ஃபிலிமின் ஒலியை அதனுடன் ஒப்பிட்டால், எங்கே சில நொடிகள் குறைகின்றன என்பது தெரிந்துவிடும்.

வெட்டிய துண்டுகளே வேறு வழியில் கிடைத்ததும் உண்டு. ஆஸ்திரேலியத் தணிக்கை அலுவலகம் தான் வெட்டியவற்றைக் கோப்புகளோடு சேர்த்து வைத்திருந்தது. 1996இல் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை கண்டெடுக்கப்பட்டன. முழு எபிசோடு அழிந்துபோன பல இடங்களில், பார்க்கத் தகாதது என்று வெட்டப்பட்ட சில நொடிகளே இன்று எஞ்சியிருக்கும் அசையும் படம்.

ஃபிலிமுக்கே ஓர் ஆபத்து உண்டு. அசிடேட் ஃபிலிம் ஈரத்திலும் வெப்பத்திலும் சிதையத் தொடங்கினால் வினிகர் வாசனை வரும். பிறகு சுருங்கி, வளைந்து, இயந்திரத்தில் ஓட்ட முடியாததாகிவிடும். டப்பாவைத் திறந்ததும் வரும் வாசனையே முதல் பரிசோதனை.

ஃபிலிமிலிருந்து மறுபடி வீடியோவுக்கு

மூல வீடியோவில் நொடிக்கு 50 முறை படம் புதுப்பிக்கப்பட்டது; ஃபிலிமில் 25 படங்கள்தான். அதனால் ஃபிலிம் பிரதியில் அசைவு சினிமாபோலத் தெரியும். இரண்டு படங்களுக்கு நடுவே பொருட்கள் எங்கே இருந்திருக்கும் என்று கணினியால் கணித்து, இடைப்பட்ட படங்களை உருவாக்கி, பழைய வீடியோத் தோற்றத்தை ஏற்றுகிறார்கள்.

1970களின் வண்ண எபிசோடுகள் சில கறுப்பு வெள்ளை ஃபிலிமாக மட்டுமே தப்பின. அவற்றில் வண்ணம் மறைந்து கிடக்கிறது. வண்ண ஒளிபரப்பில் நிறத் தகவல் மிக நுண்ணிய அலையாகப் படத்தோடு சேர்ந்து வரும். ஃபிலிமுக்கு மாற்றும்போது அதை வடிகட்ட வேண்டும். சில நேரங்களில் வடிகட்டவில்லை. அந்தக் கவனக்குறைவால் அந்த அலை, பொடிப் புள்ளிகளாகக் கறுப்பு வெள்ளைப் படத்திலேயே பதிந்துவிட்டது. ஃபிலிமை மிகத் துல்லியமாக ஸ்கேன் செய்து, திரையின் வளைவால் வந்த கோணலை நேராக்கி, அந்தப் புள்ளிகளிலிருந்து மூல நிறங்களைக் கணினி மீட்டெடுக்கிறது. 'தி மைண்ட் ஆஃப் ஈவில்' கதையின் 2 முதல் 6 வரையிலான எபிசோடுகள் இப்படி மீட்கப்பட்டு 2013இல் வெளியாயின. முதல் எபிசோடில் புள்ளிகள் இல்லை. அதற்குக் கையால் நிறம் தீட்ட வேண்டியிருந்தது.

படமே கிடைக்காத எபிசோடுகளுக்கு இரண்டு ஆதாரங்கள் உள்ளன. ஒன்று ரசிகர்களின் ஒலிப்பதிவு. மற்றொன்று ஜான் குரா என்ற புகைப்படக்காரர் ஒளிபரப்பின்போது திரையிலிருந்தே எடுத்து, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்ற நிழற்படங்கள். இவற்றைக் கொண்டு காட்சிகளை அனிமேஷனாக வரைகிறார்கள். 2006இல் 'தி இன்வேஷன்' கதையின் இரண்டு எபிசோடுகள் இவ்வாறு முதலில் வெளியாயின. 2016இல் 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' கதை முழுவதும் வந்தது. இவற்றில் குரல் மூலத்தின் குரல்தான். நடிகரின் முகபாவமும் அசைவும் வரைந்தவரின் ஊகம். அதனால் அனிமேஷன் வெளியான பிறகும் அந்த எபிசோடு காணாமல் போனவற்றின் பட்டியலிலேயே நீடிக்கிறது.