இருபது லட்சத்தில் ஒன்று: ஒரு எல்லைக்கோட்டின் கணக்கு

பிரிட்டனில் ஏழு பொதுவான நோய்களின் மரபணு வேர்களைத் தேடிய வெல்கம் டிரஸ்ட் கூட்டாய்வு 2007 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. நோய்க்கு 2,000 பேர் வீதம் 14,000 நோயாளிகள். ஒப்பிட்டுப் பார்க்க 3,000 பேர். ஒவ்வொருவரின் மரபணுத் தொகுதியிலும் ஏறத்தாழ ஐந்து லட்சம் இடங்கள் பரிசோதிக்கப்பட்டன. எந்த அளவு வித்தியாசம் தெரிந்தால் ஓர் இடத்தை நோயோடு தொடர்புள்ளது என்று அறிவிக்கலாம் என்பதை ஆய்வாளர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இதைத்தான் புள்ளியியலில் முக்கியத்துவ மட்டம் என்கிறார்கள். உண்மையில் தொடர்பே இல்லாத இடத்தில், தற்செயலான ஏற்றத்தாழ்வைப் பார்த்துத் ‘தொடர்பு உண்டு’ என்று சொல்லிவிடும் அபாயத்துக்கு ஆய்வாளர் விதிக்கும் உச்சவரம்பு அது. ரொனால்டு ஃபிஷர் 1925-இல் எழுதிய நூலின் வழியாகப் பரவியது 0.05, அதாவது இருபதில் ஒன்று. ஓரிரு மரபணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்த அன்றைய ஆய்வுகள் பலவும் இதையே கொண்டிருந்தன.

ஐந்து லட்சம் இடங்களுக்கு இதே கோட்டை வைத்தால், எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் சுமார் 25,000 பொய்க் கண்டுபிடிப்புகள் வந்து குவியும். மறுபக்கம், மரபணுத் தொகுதி முழுவதிலும் பத்து லட்சம் தனித்தனிச் சோதனைகள் இருப்பதாகக் கொண்டு 0.05-ஐ அவற்றுக்குப் பங்கிட்டால் இரண்டு கோடியில் ஒன்று என்ற கடுமையான கோடு கிடைக்கும். பின்னாளில் இத்துறையில் வழக்கமாக நிலைத்தது அதுதான்.

கூட்டாய்வு இரண்டையும் எடுக்கவில்லை. அது தேர்ந்தது 5×10⁻⁷, அதாவது இருபது லட்சத்தில் ஒன்று. ஏன் என்ற கணக்கையும் கட்டுரையிலேயே வைத்தது. தொகுதியைப் பத்து லட்சம் பகுதிகளாகப் பிரித்தால், ஒரு நோயோடு தொடர்புள்ளவையாகக் கண்டறியக்கூடியவை பத்து இருக்கலாம் என்பது முதல் அனுமானம். அவற்றில் ஒன்றைப் பிடிக்கும் திறன் இந்த ஆய்வுக்குச் சராசரியாகப் பாதி என்பது இரண்டாவது. அப்படியானால் பத்தில் ஐந்து உண்மையான பகுதிகள் சிக்கும். தொடர்பில்லாத பத்து லட்சத்திலிருந்து அரை பகுதிதான் தவறாக நுழையும். ஐந்துக்கு அரை, அதாவது பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் அறிவிப்பு உண்மையாக இருக்கும். கோட்டை மேலும் கடுமையாக்கினால் பொய் குறையும். கூடவே அந்த ஐந்தும் குறையும்.

இந்த விளக்கத்தின் பலம், வாசகர் அதனோடு சண்டை போட முடியும் என்பதில் இருக்கிறது. பத்து பகுதிகள் என்பது அதிகம் என நினைப்பவர் இரண்டு என்று வைத்துப் பார்க்கலாம்; விகிதம் இரண்டுக்கு ஒன்றாக இறங்கிவிடும். ‘முந்தைய ஆய்வுகளைப் பின்பற்றி 0.05 கொள்ளப்பட்டது’ என்ற வரியில் இப்படிச் சரிபார்க்க எதுவும் இல்லை.

உளவியல், சமூக அறிவியல் துறைகளிலும் இதே தகராறு எழுந்தது. புதிய கண்டுபிடிப்புகளுக்குக் கோட்டை 0.005-க்கு இறக்க வேண்டும் என்று 72 ஆய்வாளர்கள் கோரினர். டேனியல் லாக்கன்ஸ் உள்ளிட்ட பலர் 2018-இல் அதை மறுத்து, எந்த மட்டமானாலும் தரவைத் திரட்டுமுன் அதற்குக் காரணம் காட்டுங்கள் என்றனர். கடுமையாக்குவதற்கு விலையும் உண்டு. 80 சதவீதக் கண்டறியும் திறனைக் காப்பாற்ற, 0.05-இலிருந்து 0.005-க்குப் போகிறவர் ஏறக்குறைய 70 சதவீதம் கூடுதலான ஆட்களைச் சேர்க்க வேண்டும்.

எனவே ஒரு கட்டுரையின் ‘ஆய்வு முறைகள்’ பகுதியில் கூர்மையான வாசகர் தேடுவது சில விஷயங்களைத்தான். அண்டை ஆய்வுகளின் மட்டம் என்ன, நம்முடையது எங்கே விலகுகிறது, பொய் அறிவிப்பும் தவறவிட்ட உண்மையும் இங்கே என்ன இழப்பைத் தரும், முடிவு எப்போது எடுக்கப்பட்டது. சந்தேகம் எழுப்பும் அடையாளங்களும் உண்டு. எத்தனை பேர் தேவை என்று கணக்கிட்டது 0.05-ஐ வைத்து, முடிவை அறிவித்தது 0.10-ஐ வைத்து என்றால், கோடு தரவைப் பார்த்த பிறகு நகர்ந்திருக்கக்கூடும். முன்பதிவு செய்த திட்டம் இருந்தால் அதோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

அண்டையாரின் கோட்டில் என்ன தெரிந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மையான வழி. வெல்கம் கூட்டாய்வில் கோட்டைத் தாண்டியவை 24. குரோன் குடல் அழற்சிக்கு மட்டும் ஒன்பது. உயர் ரத்த அழுத்தத்துக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் லட்சத்தில் ஒன்றுக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையில் நின்ற 58 இடங்களையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. மேலும் தேடினால் பலன் தரக்கூடியவை என்று அவற்றையும் தெரிவித்தார்கள்.