கீறினாலும் காக்கும் துத்தநாகம்

மின்கோபுரத்தின் எஃகுச் சட்டங்கள் சாம்பல் நிறத்தில் தெரிவது பெயின்ட்டால் அல்ல, துத்தநாகத்தால். அமிலத்தில் துருவைப் போக்கிய எஃகை, சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள்.

தொட்டிக்குள் நடப்பது வெறும் பூச்சு வேலை இல்லை. இரும்பும் துத்தநாகமும் வினைபுரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கலப்பு உலோக அடுக்குகள் வளர்கின்றன. எஃகை ஒட்டிய அடுக்கில் ஏறத்தாழ கால் பங்கு இரும்பு. மேலே போகப்போக அது குறைந்து, உச்சியில் அநேகமாகத் தூய துத்தநாகம். நடு அடுக்குகள் சாதாரண எஃகைவிடக் கடினமானவை. மேலடுக்கோ மென்மையானது, லேசான அடியைத் தானே நசுங்கித் தாங்கிக்கொள்ளும்.

அதையும் மீறி ஸ்பானர் வழுக்கி, எஃகு தெரியும் அளவுக்குக் கீறல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மழைநீர் படிந்ததும் அந்த இடம் ஒரு குட்டி மின்கலமாகிவிடும். எலக்ட்ரான்களை எளிதில் இழக்கும் துத்தநாகம், தான் கரைந்து அவற்றை எஃகுக்கு அனுப்புகிறது. அதனால் இரும்பு கரைவதில்லை. பெயின்ட்டில் இப்படிக் கீறல் விழுந்தால் அடியிலேயே துரு ஊர்ந்து பரவும். இங்கே அப்படிப் பரவுவதில்லை.

ஆனால் இந்தக் காவல் சில மில்லிமீட்டர் அகலத்துக்குத்தான். வெல்டிங் செய்த இடத்தில் பூச்சே எரிந்துபோயிருக்கும். அங்கே நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்து, துத்தநாகத்தூள் மிகுந்த பெயின்ட்டைக் கேட்டு வாங்கி அடியுங்கள். சாதாரண வெள்ளி நிறப் பெயின்ட்டில் இந்த மின்காவல் கிடைக்காது.